ஸ்பீக்கர் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு: எதைத் துடைக்கலாம், எதை வெட்ட வேண்டும்?

கேள்வி: எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கம். ஸ்பீக்கர் ஒயர் போட்டு ஐந்து வருடம் ஆகிறது. இப்போது இடது ஸ்பீக்கரில் சத்தம் பாதிதான் வருகிறது. ஒயரைக் கழற்றிப் பார்த்தால் முனை கறுத்து, உள்ளே பச்சையாக இருக்கிறது. ஆர்சிஏ பின்னிலும் பச்சை. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் போதுமா, ஒயரையே மாற்ற வேண்டுமா?

பதில்:

ஒயரைத் தேய்க்காதீர்கள், வெட்டுங்கள். பின், சாக்கெட், திருகு மாதிரி கெட்டியான உலோகத்தைத்தான் துடைத்து மீட்க முடியும். ஒயரை முழுதாக மாற்ற வேண்டுமா என்பதை, பச்சை எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஒரு சாண் வெட்டினால் நல்ல செம்பு வந்துவிடும்.

புளி ஏன் கூடாது என்றால், செம்புக் குடத்துக்கும் ஒயருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலம்பி, துணியால் துடைத்து வெயிலில் கவிழ்த்துவிடுகிறோம். ஒயரில் முடிபோன்ற இழைகள் இருபது முப்பது ஒன்றாக முறுக்கிக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்கில் போன புளிப்பும் உப்பும் வெளியே வராது. இழை வழியாகவே உறைக்குள் இன்னும் ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. கடற்கரையில் களிம்பைத் தூண்டுவதே உப்பில் இருக்கும் குளோரைடுதான். அது செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் கிடைக்கும்வரை தீராமல் அரித்துக்கொண்டே போகும். உப்பும் எலுமிச்சையும் போட்ட முனை அன்றைக்குப் பளபளக்கும், கொஞ்ச நாளில் முன்பைவிட அதிகமாகப் பச்சையாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் பச்சைதான் சத்தத்தைக் குறைக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒயரின் நடுவில் இழைகளுக்கு மேல் பச்சை படர்ந்திருந்தாலும், உள்ளே செம்பு அறுந்து போகாதவரை மின்சாரம் தடையில்லாமல் ஓடும். தகராறு நடப்பது ஒயரும் திருகும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சின்ன முகத்தில். அங்கே கறுப்பாகப் படியும் செம்பு ஆக்சைடு சரியாக மின்சாரத்தைக் கடத்தாது. சத்தம் குறைவது மட்டுமல்ல, சில சமயம் கரகரப்பும் வருவதற்கு இந்தக் கறுப்புப் படலம்தான் காரணம். ஒயரை லேசாக ஆட்டினால் சத்தம் கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். கூடிக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், குறை இணைப்பில்தான்.

வெட்டுவதற்கு முன்னால் குறை எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, அதன் பின்பக்கம் ஆர்சிஏ பின்கள் இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது வலது ஸ்பீக்கரில் சத்தம் குறைந்தால், கோளாறு ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால்: ஆர்சிஏ கேபிளிலோ, பாட்டு வரும் கருவியிலோ. இடதே குறைவாக இருந்தால் பின்களைப் பழையபடி வைத்து, ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இடது வலது மாற்றுங்கள். குறை வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபையரில் வேலை இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தாவாமல் அதே இடது ஸ்பீக்கரில் நின்றால் ஒயர் அல்லது ஸ்பீக்கர். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கரன்ட் இருக்கக் கூடாது. ஆர்சிஏ பின்னைப் பவர் இருக்கும்போது உருவினால் வெளி வளையம் முதலில் விட்டுப்போய், பெரிய உறுமல் ஒன்று நேராக ஸ்பீக்கருக்குப் போகும்.

இந்தச் சோதனையில் ஒரு விஷயம் புரியும். ஆர்சிஏ பின் பச்சையாக இருந்தால் சத்தம் சீராகக் குறைவது அரிது. ஆம்ப்ளிஃபையரின் உள்வாங்கும் பக்கத்தில் தடை பொதுவாகப் பல்லாயிரம் ஓம். அதற்கு முன்னால் களிம்பு ஐந்து ஓம், ஐம்பது ஓம் சேர்த்தாலும் காதுக்குத் தெரியாது. ஆர்சிஏ களிம்பு தரும் தொல்லை வேறு மாதிரி: விட்டு விட்டு வரும், ஒரு பக்கம் திடீரென்று நின்றுவிடும், வெளி வளையம் சரியாகத் தொடாவிட்டால் ‘ம்ம்ம்’ என்று முனகும். ஸ்பீக்கர் பக்கம் அப்படியல்ல. ஸ்பீக்கரே எட்டு ஓம்தான். அதற்கு முன்னால் நாலு ஓம் களிம்பு நின்றால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டேஜை அதுவே தின்றுவிடும். ஆக, ‘சத்தம் பாதிதான்’ என்று நீங்கள் சொல்வது ஸ்பீக்கர் ஒயரையே காட்டுகிறது. ஆர்சிஏயையும் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் அது இரண்டாவது வேலை.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் களிம்பு எந்த முனையில் எவ்வளவு தின்கிறது என்று அளந்தே பார்த்துவிடலாம். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபையரின் இடது பக்கச் சிவப்பு, கறுப்பு டெர்மினல்களின் உலோகத்தில் பிடியுங்கள். 2 வோல்ட் வரும்வரை வால்யூமை ஏற்றுங்கள். அது அரை வாட் அளவுதான், ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது. பிறகு வால்யூமைத் தொடாமல் ஸ்பீக்கரின் பின்பக்க டெர்மினலில் அளந்து பாருங்கள்.

10 மீட்டர் தூரம், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்று வைத்துக்கொள்வோம். போய் வர 20 மீட்டர், தடை ஏறக்குறைய 0.27 ஓம். எல்லா இணைப்பும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரில் 1.9 வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். வந்தது 1.1 வோல்ட்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்: வோல்ட்டேஜ் 55 சதவீதம், ஸ்பீக்கருக்குப் போகும் பவர் அதன் வர்க்கம், அதாவது 30 சதவீதம். காணாமல் போன 0.9 வோல்ட் நாலு இணைப்பில் ஏதோ ஒன்றிலோ இரண்டிலோ நிற்கிறது. டோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை டெர்மினல் உலோகத்திலும், இன்னொரு முனையை அதே ஒயரில் இரண்டு விரற்கடை தள்ளி ஒரு குண்டூசி குத்தி அந்த ஊசியிலும் வையுங்கள். குத்திய இடத்தை எப்படியும் வெட்டப் போகிறோம், ஓட்டை விழுந்தால் கவலையில்லை. ஊசி எதிர் ஒயரைத் தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். நல்ல இணைப்பில் 0.0 காட்டும். ஆம்ப்ளிஃபையர் சிவப்பில் 0.1, கறுப்பில் 0.0, ஸ்பீக்கர் சிவப்பில் 0.7, கறுப்பில் 0.1 என்று வந்தால், அந்த 0.9 கணக்குக்கு வந்துவிடுகிறது, ஒயர் தின்பது 0.04 வோல்ட் அளவுதான். தகராறு ஸ்பீக்கர் சிவப்புத் திருகில். இப்படி அளந்துவிட்டால், வேலை முடிந்த பிறகு அதே அளவை எடுத்து, சரியானதா இல்லையா என்று காதை நம்பாமல் சொல்லலாம்.

இனி வெட்டும் வேலை. ஒயரை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். எது பிளஸ், எது மைனஸ் என்று வெட்டுவதற்கு முன்பே ஒயரின் உடம்பில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்: ஒரு பக்கம் சிவப்புக் கோடு, அல்லது எழுத்து, அல்லது விரலால் தடவினால் தட்டுப்படும் வரி. கூர்மையான கட்டிங் பிளேயரால் முனையிலிருந்து 5 செ.மீ. வெட்டி, ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்துப் பாருங்கள். இழைகள் எல்லாம் ரோஜா கலந்த செந்நிறமாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். பழுப்போ கறுப்போ இருந்தால் இன்னொரு 5 செ.மீ. வெளி இழை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், முறுக்கை விரித்து நடு இழையையும் பாருங்கள். கண்ணாடி மாதிரி உறை உள்ள ஒயரில் பச்சை எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்தே தெரியும். அது முடியும் இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

அரை மீட்டர் வெட்டியும் கறுப்பு போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஒயரின் உறையே பழுதாகிவிட்டது. பிவிசி உறையில் இருக்கும் மென்மையூட்டும் எண்ணெய், ஈரம், செம்பு மூன்றும் சேர்ந்து பச்சைப் பிசுக்காக உள்ளே நெடுகப் படிவது மலிவான ஒயர்களில் சகஜம். வெட்டி வெட்டி ஒயர்தான் குட்டையாகும். புது ஒயர் வாங்கிவிடுங்கள்.

உரித்த இழை உள்ளே வெள்ளையாக இருந்தால், அது செம்பா அலுமினியமா என்று பாருங்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சிவப்பு தெரிந்தால் ஈயம் பூசிய செம்பு, நல்ல ஒயர். மேலே சிவப்பாக இருந்து சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். இரண்டு உலோகம் ஒன்றாக இருப்பதால் உப்பு ஈரத்தில் இது செம்பைவிட வேகமாக அரிக்கும், முனையில் வெள்ளைப் பொடி தட்டும், இரண்டு முறை வளைத்தால் ஒடியும், ஈயமும் ஒட்டாது. கடற்கரை வீட்டில் இதை வெட்டிப் பயனில்லை. கடையில் வாங்கும்போதே ‘முழுச் செம்பா’ என்று கேட்டு, முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல செம்பு வந்ததும் முனையை எப்படி முடிப்பது என்பது உங்கள் டெர்மினலைப் பொறுத்தது. அமுக்கிச் செருகும் ஸ்பிரிங் கிளிப் என்றால் 10 மி.மீ. உரித்தால் போதும். இதில் அதிகம் நடக்கும் தப்பு, குறைவாக உரித்துவிட்டு உறையோடு உள்ளே தள்ளுவது. கிளிப் செம்பைக் கடிக்காமல் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். இழுத்தால் வராது, ஆனால் சத்தமும் வராது. அதிகமாக உரித்தாலும் வெளியே தெரியும் இழை பக்கத்து ஒயரைத் தொடும். திருகு டெர்மினல் என்றால் 12 முதல் 15 மி.மீ. உரித்து, இழைகளைத் திருகு முறுகும் திசையிலேயே, அதாவது கடிகாரம் சுற்றும் பக்கமாக முறுக்கி, அதே பக்கமாகச் சுற்றி வைத்து இறுக்குங்கள்.

திருகுக்கு அடியில் போகும் முனையில் ஈயம் வைக்க வேண்டாம். பலரும் நல்லதென்று நினைத்துச் செய்வது இது. ஈயம் மெத்தென்ற உலோகம். திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி ஒதுங்கும், சில மாதத்தில் திருகு தானாகத் தளரும், தளர்ந்த இடுக்கில் மறுபடி ஈரம் புகும். அதற்குப் பதில், ஒயர் முனையில் மாட்டி அமுக்கும் ‘பின் லக்’ என்ற சின்ன உலோக முனை எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். ஒயரின் அளவுக்கே, 1.5 ஒயருக்கு 1.5, வாங்கிக் கிரிம்பிங் டூலால் அமுக்குங்கள். சாதாரண பிளேயரால் தட்டையாக நசுக்கினால் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும், கையால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். அமுக்கிய பிறகு நன்றாக இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை.

டெர்மினலைச் சுத்தம் செய்யாமல் புது முனையை மாட்டினால் வேலை பாதிதான். திருகின் தலையை முழுதும் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். ஒயர் உட்காரும் முகத்தை முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்துப் பச்சைப் பொடியைத் தட்டிவிடுங்கள். அடுத்து கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைப் பஞ்சுக் குச்சியில் அடித்து, அந்தக் குச்சியால் துடையுங்கள். ஆம்ப்ளிஃபையருக்குள் நேராக அடிக்க வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பசையைப் போக்கும், களிம்பைக் கரைக்காது. அதைக் கடைசித் துடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரேயும் இதற்கு ஆகாது. படலம் விட்டுப் போகும், அதில் தூசி ஒட்டும்.

உப்புத்தாள் போடலாமா என்றால், முலாம் இல்லாத பித்தளையில் 1000 நம்பர் தாளால் இரண்டு மூன்று இழுப்பு இழுக்கலாம். தங்க முலாமோ நிக்கல் முலாமோ பூசியதில் உப்புத்தாளே படக் கூடாது. முலாம் மெல்லியது, தேய்ந்தால் அடியிலிருக்கும் பித்தளை வெளியே வந்து வேகமாகப் பச்சையாகும். பென்சில் அழிப்பான் போதும். துடைத்த பிறகு முலாமில் ஊசிமுனை அளவு குழிகள் கறுப்பாகத் தெரிந்தால், அரிப்பு முலாமைத் துளைத்து அடிக்குப் போய்விட்டது என்று பொருள். அந்தத் துண்டை மாற்றுவதுதான் வழி.

இதே விதி ஆர்சிஏ பின்னுக்கும். உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தலை உள்ள மலிவு கேபிள் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிது வாங்குங்கள். உங்கள் உழைப்பெல்லாம் ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் சாக்கெட்டுக்குத்தான் போக வேண்டும், அது சுலபமாக மாற்ற முடியாத பொருள். சாக்கெட்டின் வெளி வளையத்தை, கான்டாக்ட் கிளீனரில் நனைத்த துணித் துண்டைச் சுற்றித் திருகித் துடையுங்கள். நடு ஓட்டைக்குப் பஞ்சுக் குச்சி நுழையாது. மருந்துக் கடையில் பல்லிடுக்கில் விடும் குட்டி பிரஷ் கிடைக்கும், அதில் ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு நாலு முறை விட்டு எடுங்கள். பிறகு பின்னைச் செருகி, லேசாகத் திருகி, உருவி, பத்து முறை செய்தால் உராய்விலேயே மிச்சப் படலம் போய்விடும்.

திருகிக் கழற்றும் தலை உள்ள நல்ல பின் என்றால் திறந்து உள்ளே பாருங்கள். ஈயம் வைத்த இடமே பச்சையாக இருந்தால் கேபிளை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாக ஈயம் வைக்க வேண்டும். கறுத்த இழையில் ஈயம் உருண்டு ஓடும், ஒட்டாது. ஒட்டவில்லையே என்று பாத்திரத்துக்கு ஈயம் வைக்கும் ஆசிட் ஃபிளக்ஸைத் தொட்டால் நீங்களே அரிப்பை உள்ளே வைத்து மூடுகிறீர்கள். ரோஸின் ஃபிளக்ஸ் மட்டும்தான். 25 வாட் அயர்ன், ஒரு இணைப்புக்கு மூன்று நொடி. அதற்கு மேல் வைத்தால் நடு ஒயரின் உறை உருகி வெளிப் பின்னலைத் தொட்டுவிடும்.

எல்லாம் மாட்டியதும் உடனே பவர் போடாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் பக்கத்து முனையை மட்டும் கழற்றி வைத்து, ஸ்பீக்கர் மாட்டிய நிலையில் இரண்டு ஒயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். முதலில் மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் 0.2 அல்லது 0.3-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறிலிருந்து ஏழுக்குள் காட்டும். டிசி தடை பொதுவாகப் பெயரளவைவிடக் குறைவு. ஒயரை ஆட்டினாலும் எண் ஆடக் கூடாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஒரு இழை பக்கத்து ஒயரைத் தொடுகிறது. அந்த நிலையில் பவர் போட்டால் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் ஐசி போய்விடும்.

வெட்டி மாட்டிய பிறகும் ‘பேஸ் வரவில்லை, சத்தம் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது’ என்று தோன்றினால், பெரும்பாலும் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுப்பதால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும், பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் கழற்றிய ஒயர் முனையில் 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். செல்லின் பிளஸ் உங்கள் பிளஸ் ஒயரில் பட்டால் பெரிய கோன் முன்னுக்கு வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைந்தால் சரி. பிறகு அந்த 100 ஹெர்ட்ஸ் டோனை மறுபடி ஓட்டி அளங்கள். 2 வோல்ட் அனுப்பி 1.9 வந்தால் வேலை முடிந்தது.

களிம்பு திரும்ப வராமல் இருக்க, உறை முடிந்து செம்பு தொடங்கும் அந்த வாயை அடைக்க வேண்டும், ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபை, பாதி உறை மேலும் பாதி லக்கின் கழுத்து மேலும் வரும்படி போட்டுச் சுடவையுங்கள். திருகை இறுக்கிய பிறகு வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். குழாயில் வரும் சிலிக்கான் சீலன்ட்டை எடுத்து அப்பிவிட வேண்டாம். காடி நெடி அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், அது செம்பை அரித்து, நீங்கள் வெட்டி எறிந்த அதே பச்சையைப் புது முனையில் கொண்டுவந்துவிடும். ஸ்பீக்கர் தரையில் இருந்தால் ஒயரை நேராகத் தரையிலிருந்து டெர்மினலுக்கு ஏற்றாமல் சுவரில் ஒரு கிளிப் அடித்து, டெர்மினலுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மாட்டுங்கள். தரை துடைக்கும் தண்ணீர் ஒயரில் பட்டாலும் மேலே ஏறாமல் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை மாத வாக்கில், திருகுகளை ஒரு முறை தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். அந்த உராய்வில் புதிதாகப் படிந்த மெல்லிய படலம் கலைந்துவிடும்.